‘ஆய்வு செய்யவும்’ என்ற ஒற்றைக் குறிப்போடு வரும் மதிப்பெண் பட்டியலை எப்படி வாசிப்பது?

பள்ளி ஆசிரியர்கள் தமக்குத் தெரிந்த கணக்கு வாத்தியாருக்கோ, எக்செல் பழகிய நண்பருக்கோ ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலை அப்படியே ஒட்டி அனுப்பி, அடியில் ‘ஆய்வு செய்யவும்’ என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம். தலைமை ஆசிரியர் கூட்டும் மீளாய்வுக் கூட்டத்துக்குத் தேர்ச்சி விழுக்காடு வேண்டுமா, மாலைச் சிறப்பு வகுப்பில் யாரை உட்கார வைப்பது என்று தெரிய வேண்டுமா, பெற்றோர் கூட்டத்தில் சொல்ல ஏதாவது வேண்டுமா என்று அந்தக் குறிப்பிலிருந்து தெரியாது. பெரும்பாலும் அனுப்பியவரே அதை முடிவு செய்திருக்க மாட்டார். எனவே பெறுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பட்டியலால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், எதற்கு முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான். அதை ஒரு பட்டியலை வைத்தே பார்ப்போம்.

கீழே உள்ளது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட பட்டியல். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு, கணக்குப் பாடம், 24 மாணவர்கள். முதல் இடைப்பருவத் தேர்வு 50 மதிப்பெண்ணுக்கும், காலாண்டுத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கும் நடந்துள்ளன. காலாண்டில் தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

```
எண்  இடைப்பருவம்  காலாண்டு
1    37    78
2    21    41
3    17    35
4    40    84
5    33    AB
6    35    72
7    20    38
8    18    35
9    19    91
10   31    67
11   41    8
12   23    44
13   16    35
14   36    75
15   19    36
16   42    81
17   22    0
18   24    47
19   34    70
20   18    29
21   17    35
22   45    88
23   20    42
24   32    66
```

இதில் பெயர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையில் வரும் பட்டியல்களில் பெயர், பெற்றோர் கைபேசி எண், சில வேளைகளில் இனம் என்ற பத்தி வரை எல்லாமே சேர்ந்து வந்துவிடும்; பள்ளிப் பதிவேட்டிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவதால் நேர்வது அது. மதிப்பெண்ணைப் படிக்க வரிசை எண் போதும். மற்றப் பத்திகளை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பது

பட்டியல் கைக்கு வந்தவுடன் சராசரியைத் தட்டிப் பார்க்கத்தான் கை போகும். இந்தப் பட்டியலில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எக்செல்லில் காலாண்டுப் பத்தி C2 முதல் C25 வரை இருப்பதாகக் கொண்டால், இந்த இரண்டு வாய்பாடுகளும் வெவ்வேறு விடையைத் தரும்.

```
=AVERAGE(C2:C25)
=AVERAGEA(C2:C25)
```

முதலாவது, AB என்ற எழுத்துகள் உள்ள கட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் 23 பேருக்கு வகுத்து 52.0 என்கிறது. இரண்டாவது, எழுத்துள்ள கட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டு 24 பேருக்கு வகுத்து 49.9 என்கிறது. வகுப்புச் சராசரி ஐம்பதைத் தாண்டியதா இல்லையா என்பதே ஒரு வாய்பாட்டின் கடைசி எழுத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. தேர்வுக்கு வராதவர் சுழியம் வாங்கியவர் அல்லர்; அவருடைய மதிப்பெண் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இங்கே 5-ஆம் எண் மாணவர் இடைப்பருவத்தில் 33 வாங்கியவர். அவரைச் சுழியமாக்கிக் கூட்டினால் வகுப்பின் சராசரியும் பிழையாகும், அவருக்கும் அநியாயமாகும்.

அடுத்து 17-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள 0. இது உண்மையான சுழியமா, அல்லது வராதவருக்கு AB என்று எழுதுவதற்குப் பதில் 0 போட்டுவிட்டார்களா? பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடமே தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் குறித்தாலும், பதினான்கும் தவறாகப் போவதற்கு ஏறத்தாழ 56-இல் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. ஆகவே தேர்வறையில் உட்கார்ந்து எழுதியவர் சுழியம் வாங்குவது அரிது. அதுவும் இடைப்பருவத்தில் 22 வாங்கியவர் வாங்குவது மிக அரிது. ஆனாலும் நாமாகவே அதை AB என்று மாற்றிவிடக் கூடாது. வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போன பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படியானால் அது வேறு விதமான, இன்னும் கவலைக்குரிய செய்தி. ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

11-ஆம் எண்ணுக்கு எதிரே 8 இருக்கிறது. இடைப்பருவத்தில் அவர் வாங்கியது 50-க்கு 41. தட்டச்சில் 80-இன் சுழியம் விடுபட்டிருக்கலாம். விடைத்தாள் முகப்பில் பகுதிவாரியாகப் போட்ட கூட்டலில் ஒரு பகுதி மட்டும் பட்டியலுக்கு வந்திருக்கலாம். உடல்நிலை சரியில்லாமல் அரை மணி நேரத்தில் எழுந்து போயிருக்கவும் கூடும். இதையும் விடைத்தாளின் முகப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

ஆசிரியர் பார்த்துவிட்டு, 17-ஆம் எண் அன்று வரவில்லை என்றும், 11-ஆம் எண்ணின் சரியான மதிப்பெண் 80 என்றும் பதில் அனுப்பியதாகக் கொள்வோம். இப்போது தேர்வெழுதியவர்கள் 22 பேர், சராசரி 57.7. 24 பேருக்கு வகுத்துக் கிடைத்த 49.9-இலிருந்து கிட்டத்தட்ட எட்டு மதிப்பெண் ஏறிவிட்டது. எந்த மாணவரும் கூடுதலாக ஒன்றும் படிக்கவில்லை; மூன்று கட்டங்களை என்னவென்று கேட்டோம், அவ்வளவுதான். வேறொரு பிரிவு 55 சராசரி எடுத்து, இந்த வகுப்பு 49.9 என்று கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், அந்த ஆசிரியர் கேட்டிருக்கக்கூடிய பேச்சை எண்ணிப் பார்க்கலாம்.

பரவல்: நடுவில் யாருமே இல்லாத வகுப்பு

சராசரி 57.7 என்றதும், நடுத்தரமாக, 55-லிருந்து 60-க்குள் பலர் இருக்கும் வகுப்பு என்று மனம் ஒரு படத்தை வரைந்துகொள்கிறது. அந்தப் படம் சரியா என்று பார்க்கத் தண்டு-இலை வரைவைவிட எளிய வழி இல்லை. பத்தாம் இட எண்ணை இடப்பக்கம் தண்டாகவும், ஒன்றாம் இட எண்ணை வலப்பக்கம் இலையாகவும் எழுதினால் போதும். கணினி வேண்டாம், காகிதத்தில் ஐந்து நிமிட வேலை.

```
2 | 9
3 | 5 5 5 5 6 8
4 | 1 2 4 7
5 |
6 | 6 7
7 | 0 2 5 8
8 | 0 1 4 8
9 | 1
```

ஐம்பதுகளில் ஒருவர்கூட இல்லை. 47-க்கும் 66-க்கும் இடையே வெறும் இடம். கீழே 11 பேர், மேலே 11 பேர். கீழ்ப் பாதியின் சராசரி ஏறத்தாழ 38, மேல் பாதியின் சராசரி ஏறத்தாழ 77. வகுப்புச் சராசரியான 57.7 நிற்கும் இடத்தில் ஒரு மாணவரும் இல்லை. சராசரியை நம்பாதீர்கள், இடைநிலையைப் பாருங்கள் என்று சிலர் அறிவுறுத்துவார்கள். இங்கே அதுவும் கைகொடுக்காது. 22 மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இரண்டு 47-உம் 66-உம், இடைநிலை 56.5. அதுவும் அதே வெற்றிடத்தில்தான் விழுகிறது.

பரவலை அளக்கப் பத்தாம் வகுப்புப் புத்தகமே வீச்சையும் திட்ட விலக்கத்தையும் சொல்லித்தருகிறது. வீச்சு என்பது பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழிப்பது. இங்கே 91-இலிருந்து 29 போக 62. இரண்டே இரண்டு மாணவர்களைப் பார்த்து, மீதி இருபது பேரைப் பார்க்காமலே விடும் அளவு அது. திட்ட விலக்கம் எல்லோரையும் கணக்கில் எடுக்கும்: ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று கண்டு, அதை வர்க்கப்படுத்தி, அந்த வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுப்பது. இந்த வகுப்புக்கு அது ஏறத்தாழ 21 வருகிறது. நூற்றுக்கு நடக்கும் ஒரு தேர்வில் 21 என்பது பெரிய எண்தான். ஆனால் வகுப்பு நீளமாக, சீராகப் பரந்து கிடப்பதால் 21 வந்ததா, இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நிற்பதால் 21 வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. கீழ்ப் பாதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் திட்ட விலக்கம் 5-க்குள் அடங்கிவிடுகிறது. மேல் பாதிக்கு 8. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மாணவர்கள் நெருக்கமாகத்தான் இருக்கிறார்கள். விரிசல் கூட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே ஆசிரியர் பட்டியலை அனுப்பியிருந்தால்கூட அது தகும் என்பேன்.

ஏன் இப்படிப் பிரிகிறது? தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்களை ஒரே பட்டியலில் சேர்த்திருக்கலாம்; ஒன்பதாம் வகுப்பில் இரு வேறு பிரிவுகளில் படித்தவர்களாக இருக்கலாம். எனக்கு முதலில் தோன்றும் காரணம் வேறு. அது வினாத்தாளின் அமைப்பில் இருக்கிறது. காலாண்டுத் தாள் பொதுத்தேர்வு மாதிரியிலேயே அமைந்திருந்தால், ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, கடைசியில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 என்று நூறு மதிப்பெண் பிரியும். மெல்லக் கற்போரைக் கரையேற்ற ஆசிரியர்கள் முதலில் பழக்குவது அந்த 8-உம் 8-உம்தான். கூடவே புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள். இவை இரண்டையும் நன்றாகப் பழகிய மாணவருக்கு 25 மதிப்பெண் கிடைத்துவிடும். நான்கைந்து இரண்டு மதிப்பெண் வினாக்களையும் தொட்டால் 35 வந்துவிடும். அதற்கு மேலே ஏற வேண்டுமென்றால் 50 மதிப்பெண் அடங்கியுள்ள ஐந்து மதிப்பெண் பகுதிக்குள் நுழைந்தாக வேண்டும். அதில் நுழைந்தவர்கள் ஒரு கரையிலும், நுழையாதவர்கள் மறு கரையிலும் நிற்பது இந்தத் தண்டு-இலை வரைவோடு பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதால் அதுவே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. பட்டியலில் இருப்பது மொத்த மதிப்பெண் மட்டும். கீழ்க் கூட்டத்திலிருந்து நான்கு விடைத்தாள்களை எடுத்து, ஐந்து மதிப்பெண் பகுதியில் எத்தனை வினா எழுதப்பட்டுள்ளது, எத்தனையில் படிநிலை மதிப்பெண் மட்டும் கிடைத்துள்ளது என்று பார்த்தால் இந்த ஊகம் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தால் ஒரு செய்தி. எழுதிப் பார்த்துப் பாதியில் தடுமாறியிருந்தால் முற்றிலும் வேறு செய்தி.

விலகி நிற்பவர்களை விதியும் காட்டும், காட்டாமலும் விடும்

மற்றவற்றிலிருந்து தனித்து விலகி நிற்கும் மதிப்பைப் புள்ளியியலில் அவுட்லையர் என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி தந்த விதி உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. தண்டு-இலை வரைவைப் பரப்பியவரும் அவரே. வரிசைப்படுத்திய மதிப்பெண்களில் கீழ்ப் பாதியின் நடு மதிப்பு முதல் கால்மானம், மேல் பாதியின் நடு மதிப்பு மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒன்றரையால் பெருக்கி, முதல் கால்மானத்திலிருந்து கழித்தும் மூன்றாம் கால்மானத்தோடு கூட்டியும் இரு வேலிகள் போட வேண்டும். வேலிக்கு வெளியே விழுவது விலகிய மதிப்பு.

நம் பட்டியலில் முதல் கால்மானம் 36, மூன்றாவது 78, இடைவெளி 42. ஒன்றரை மடங்கு 63. வேலிகள் −27-இலும் 141-இலும் விழுகின்றன. நூற்றுக்கு நடக்கும் தேர்வில் யாரும் −27-க்குக் கீழே போகவும் முடியாது, 141-க்கு மேலே ஏறவும் முடியாது. அதாவது இந்த வகுப்பில் எந்த மதிப்பெண்ணையும் இந்த விதி விலகியதாகச் சொல்லவே சொல்லாது. திருத்தாத பழைய பட்டியலில் இருந்த 8-ஐயும் 0-வையும்கூட அது பிடித்திருக்காது. விதியில் பிழையில்லை; ஒரே கூட்டமாகக் குவிந்திருக்கும் தரவுக்கு அது நன்றாக வேலை செய்யும். இரண்டு கூட்டங்களாகப் பிரிந்த வகுப்பில் நடு இடைவெளியே அகலமாகிவிடுவதால் வேலி எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. ஆய்வு என்ற பெயரில் ‘விலகிய மதிப்புகள் எதுவும் இல்லை’ என்ற வரியை எழுதுவதற்கு முன், வேலி எங்கே விழுந்தது என்று பார்ப்பது நல்லது.

இந்தப் பட்டியலில் விலகலைக் காட்டுவது இரண்டாவது பத்தி. ஒவ்வொரு மாணவரையும் வகுப்போடு ஒப்பிடாமல் அவருடைய முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். இடைப்பருவ மதிப்பெண்ணை இரட்டித்து, காலாண்டிலிருந்து கழித்துப் பாருங்கள். 1-ஆம் எண்: 74 எதிர் 78, நான்கு ஏற்றம். 16-ஆம் எண்: 84 எதிர் 81, மூன்று இறக்கம். 20-ஆம் எண்: 36 எதிர் 29, ஏழு இறக்கம். இப்படியே போனால் ஒருவரைத் தவிர எல்லோரும் ஏழு மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். விளக்கத்துக்காக அமைத்த பட்டியல் என்பதால்தான் இவ்வளவு ஒழுங்கு. உண்மையான வகுப்பில் பத்து, பன்னிரண்டு மதிப்பெண் ஏறி இறங்குவது சாதாரணம். அந்த ஒருவர் 9-ஆம் எண். இரட்டித்தால் 38, காலாண்டில் 91. ஐம்பத்து மூன்று மதிப்பெண் ஏற்றம். வகுப்போடு மட்டும் ஒப்பிட்டால் 91 முதல் மதிப்பெண், அவ்வளவுதான். அவரோடு அவரையே ஒப்பிடும்போதுதான் அது கேள்வியாகிறது.

கேள்வியாகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே நியாயம். ‘9-ஆம் எண்ணின் மதிப்பெண் சந்தேகத்துக்குரியது’ என்று எழுதினால், பார்த்து எழுதினாரா என்ற கேள்வியை ஒரு பிள்ளையின் மீது நாமே ஏற்றிவிட்டோம் என்று பொருள். நம் கையில் இருப்பது இரண்டு எண்கள். 19 என்பதை 91 என்று திருப்பித் தட்டியிருக்கலாம். இடைப்பருவத்தின்போது காய்ச்சலாக இருந்திருக்கலாம். இடைப்பருவ மதிப்பெண் 49 என்று இருந்து, கையெழுத்தில் 4 என்பது 1 போலத் தெரிந்திருக்கலாம். ஆகவே ‘9-ஆம் எண்ணுக்கு இரு தேர்வுகளுக்கும் இடையே வேறுபாடு மிக அதிகம், பதிவு சரியா என்று பார்க்கவும், சரியென்றால் இடையில் என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்’ என்று எழுதினால் போதும். ஆசிரியர், அந்த மாணவி ஜூலையில்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார், இடைப்பருவத்துக்கான பாடங்களை அவர் படித்திருக்கவே இல்லை என்று பதில் சொன்னால், விலகி நின்றது 91 அல்ல, 19 என்று தெரிகிறது. எது விலகல் என்பதே தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

நான்கு 35-களும் ஒரு 29-உம்

தண்டு-இலை வரைவில் 3 என்ற தண்டை மறுபடி பாருங்கள். 30 முதல் 34 வரை ஒருவரும் இல்லை. சரியாக 35-இல் நான்கு பேர். திருத்துபவர்கள் 33, 34 வந்தால் இன்னும் ஒருமுறை தாளைப் புரட்டி, எங்காவது ஒரு படிநிலைக்கு மதிப்பெண் தந்து 35 ஆக்கிவிடுவது பள்ளித் தேர்வுகளில் நடப்பதுதான். அதைக் குற்றமாக எழுதுவதற்கு இந்தப் பட்டியல் போதாது. அந்த நால்வரின் இடைப்பருவ மதிப்பெண்களை இரட்டித்தால் 34, 36, 32, 34 வருகிறது. அவர்கள் இயல்பாகவே அந்த இடத்தை ஒட்டி நிற்பவர்கள். 22 பேர் கொண்ட வகுப்பில் நான்கு பேர் ஒரே எண்ணில் சேருவது தற்செயலாகவும் நடக்கும்.

ஆனால் இந்தக் குவிதலின் விளைவை எழுதியே ஆக வேண்டும். தேர்வெழுதிய 22 பேரில் 21 பேர் தேர்ச்சி, விழுக்காடு 95.5. அந்த நால்வருக்கும் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால் தேர்ச்சி 17 பேர், விழுக்காடு 77.3. பதினெட்டு விழுக்காடு நான்கே மதிப்பெண்களின் மீது நிற்கிறது. கூட்டத்தில் 95.5 என்று சொல்லிவிட்டு, பொதுத்தேர்வில் அது சரிந்தால், ‘காலாண்டில் நன்றாக இருந்த வகுப்பு எப்படிக் கெட்டது’ என்று காரணம் தேடுவார்கள். ஒன்றும் கெட்டிருக்காது. வராத இருவரையும் பகுதியில் சேர்த்து, 24-க்கு 21 என்று 87.5 போடும் பள்ளிகளும் உண்டு. எதை எதால் வகுத்தோம் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

மாணவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். தோற்றவர்களை மட்டும் சிறப்பு வகுப்புக்கு அழைப்பது வழக்கமானால், இந்த வகுப்பிலிருந்து போகப்போவது 29 வாங்கிய 20-ஆம் எண் மட்டும். 35 வாங்கிய நால்வரும் தேர்ச்சி என்ற கோட்டுக்கு மேலே நிற்பதால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 36-உம் 38-உம் வாங்கியவர்கள் நிலையும் அதுதான். ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் ஓரிரு மதிப்பெண் மாறும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். வடிவியல் வினாவில் உதவிப்படம் இல்லை என்று ஒருவர் குறைப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். அப்படியிருக்க 34-க்கும் 35-க்கும் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கத்தாருக்கு உதவியும் மறுபக்கத்தாருக்கு ஒன்றுமில்லை என்றும் ஆக்குவது அந்த நால்வருக்குத்தான் இழப்பு. தேர்ச்சி பெற்றதால் அவர்கள் கவனத்திலிருந்து விழுந்துவிடுகிறார்கள். 20-ஆம் எண்ணுக்கோ, வகுப்பின் ஒரே தோல்வி என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆறு மதிப்பெண் தள்ளி நிற்பவரின் தேவை அவருடைய தேவையிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல.

ஆகவே நான் பரிந்துரைப்பது, சிறப்பு வகுப்புப் பட்டியலைத் தேர்ச்சிக் கோட்டை வைத்துப் போடாமல், பட்டியலே காட்டும் அந்த வெற்றிடத்தை வைத்துப் போடுவது. 47 வரை உள்ள 11 பேரும், வராதவர்களில் இடைப்பருவத்தில் 22 வாங்கிய 17-ஆம் எண்ணும் சேர்ந்து 12 பேர். 33 வாங்கியிருந்த 5-ஆம் எண்ணுக்கு மறுதேர்வு வைத்தால் போதும். 47-உம் 66-உம் திருத்துபவரைப் பொறுத்து மாறிவிடக்கூடிய இடைவெளியில் இல்லை. இங்கே கோடு போட்டால் யாரும் ஒரு மதிப்பெண்ணால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழ மாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டை மாணவர்கள் அறிய ‘மேல் குழு’, ‘கீழ் குழு’ என்று பெயரிட்டுப் பலகையில் எழுதிவிடக் கூடாது. டிஸ்லெக்சியா போன்ற காரணங்களால் கூடுதல் நேரத்துக்கோ, சொல்வதை எழுதுபவருக்கோ உரிமையுள்ள மாணவர் யாராவது காலாண்டில் அது இல்லாமலே எழுதியிருந்தால், அவருடைய மதிப்பெண்ணை மற்றவர்களோடு வைத்துப் படிப்பதே சரியாகாது. இதையும் ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஆண், பெண் என்றோ, பயிற்றுமொழி என்றோ பிரித்துச் சராசரி போட்டுத் தரும்படி சிலர் கேட்பார்கள். பதினொரு பேர், பதினொரு பேர் என்று பிரிந்தால் ஒரு மாணவரின் 50 மதிப்பெண் ஏற்றமே குழுச் சராசரியை நான்கரை மதிப்பெண் நகர்த்திவிடும்; மேலே பார்த்த 9-ஆம் எண் ஒருவரே அதற்குப் போதும். அவ்வளவு சிறிய குழுக்களின் வேறுபாட்டை வைத்து ஒரு தரப்பைப் பற்றி எதையும் எழுதாமல் இருப்பதே மேல்.

ஆசிரியருக்கு என்ன அனுப்புவது

மேலே சொன்ன எல்லாவற்றையும் அப்படியே அனுப்பினால் ஆசிரியர் பாதியில் மூடிவைத்துவிடுவார். முதலில் கேள்விகளை அனுப்பிப் பதில் பெற்ற பிறகு, ஒரு திரையில் அடங்கும் அளவில் இப்படி எழுதலாம்:

‘வணக்கம் டீச்சர். தேர்வெழுதிய 22 பேரை மட்டும் எடுத்துக்கொண்டேன். 5, 17 ஆகிய எண்களைச் சேர்க்கவில்லை. 11-ஆம் எண்ணுக்கு நீங்கள் சொன்ன 80-ஐப் போட்டிருக்கிறேன். வகுப்பு இரண்டு கூட்டங்களாக நிற்கிறது: 29 முதல் 47 வரை 11 பேர், 66 முதல் 91 வரை 11 பேர், நடுவில் யாரும் இல்லை. அதனால் 57.7 என்ற சராசரியைத் தனியாகச் சொல்ல வேண்டாம். தேர்ச்சி 22-க்கு 21. ஆனால் நான்கு பேர் சரியாக 35-இல் இருக்கிறார்கள், எனவே அந்த விழுக்காட்டை உறுதியானதாகக் கொள்ள வேண்டாம். 2, 7, 12, 18 ஆகிய எண்களின் விடைத்தாள்களில் ஐந்து மதிப்பெண் பகுதியை மட்டும் பார்த்து, எழுதவில்லையா, எழுதித் தவறியதா என்று சொல்ல முடியுமா? மீளாய்வுக் கூட்டத்துக்கா, சிறப்பு வகுப்புக்கா, எதற்காகக் கேட்டீர்கள் என்று தெரிந்தால் அதற்கேற்ப அடுத்ததை எழுதுகிறேன்.’

இந்த நான்கு எண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் 38-க்கும் 47-க்கும் இடையே உள்ளவர்கள்; தேர்ச்சிக் கோட்டின் இழுப்பு அவர்கள் மதிப்பெண்ணில் இருக்காது. 35 வாங்கியவர்களின் தாளில் எந்த மதிப்பெண் தானாக வந்தது, எது கைதூக்கிவிட்டதால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். பதில் வந்தபின் அடுத்த தேர்வுக்கு, மொத்தத்துக்குப் பதில் பகுதி வாரியாக நான்கு பத்திகளில் மதிப்பெண்ணைப் பதியச் சொல்லலாம். விடைத்தாள் முகப்பில் அந்தக் கூட்டல்கள் ஏற்கெனவே இருப்பதால், 24 மாணவர்களுக்கு அது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை.